வரும் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்புகிறேன்

அன்பின் ரமேஷ், சசி, மேரி, கணேசன், ராஜு அண்ணா, இன்னும் நேரில் பார்க்காத பிரியா, எல்லோருக்கும் வணக்கம்.

நவம்பர் 10, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் ஆபிஸுக்கு வருகிறேன். ஜனவரி கடைசியில் மேசையை அப்படியே விட்டுவிட்டுப் போனவள், ஒன்பது மாதத்துக்கு மேலாகிவிட்டது. வந்து நின்றதும் யார் என்ன கேட்பது, எதைக் கேட்கக்கூடாது என்று உங்களுக்கும் சங்கடமாக இருக்கும், எனக்கும்தான். அதனால் சொல்ல வேண்டியதை முன்கூட்டியே எழுதி அனுப்புகிறேன். ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் நோயைப் பற்றி. எனக்கு வந்தது மார்பகப் புற்றுநோய், இடது பக்கம். உங்களில் சிலருக்குத் தெரியும், சிலருக்கு அரைகுறையாகத் தெரியும். நம்ம பக்கத்தில் இந்த நோயின் பேரை யாரும் வாயால் சொல்வதில்லை. "மஹரகமைக்குப் போயிருக்காங்களாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாலே விளங்கிவிடும். நான் போனது மஹரகமைக்கு இல்லை, கண்டிக்கு. இருந்தாலும் அந்தப் பேச்சு என் காதுக்கும் வந்தது. தயவுசெய்து நம் ஆபிஸுக்குள் அப்படி வேண்டாம். பேரைச் சொல்லியே பேசுங்கள். தோட்டத்தில் யாராவது கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள், எனக்கு அதில் மறைக்க எதுவும் இல்லை. சுகவனிதையர் கிளினிக் போஸ்டர் நம் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் எல்லோரும் போய்ப் பாருங்கள் என்று லயம் லயமாகச் சொன்னவள் நான். நான் ஒரு தடவைகூடப் போகவில்லை. மேரி, சசி, உங்கள் இருவருக்கும் அந்த வயது வந்துவிட்டது. நேரம் எடுத்துப் போய்வாருங்கள், அதற்கு லீவு போட வேண்டாம்.

பெப்ரவரியில் ஒப்பரேஷன். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மருந்து ஏற்றினார்கள், எட்டுத் தடவை. செப்டம்பரில் கண்டியில் தங்கச்சி வீட்டில் தங்கி, வார நாட்களில் தினமும் போய் கதிர்ச் சிகிச்சை எடுத்தேன், பதினைந்து நாள். சிகிச்சையின் பெரிய பகுதி முடிந்துவிட்டது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். இனி ஐந்து வருஷத்துக்குத் தினமும் ஒரு குளிசை, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை கண்டி கிளினிக். "முழுசா சுகமாயிட்டீங்களா அக்கா?" என்று கேட்டால் ஆமாம் என்றும் இல்லை என்றும் சொல்லத் தெரியாது. இன்றைக்கு நன்றாக இருக்கிறேன், வேலை செய்ய ஆசையாக இருக்கிறது. அதுதான் என் பதில்.

இனி வேலை நேரம். டிசம்பர் கடைசி வரை திங்கள், செவ்வாய், வியாழன் மூன்று நாளும் ஒன்பது மணியிலிருந்து ஒரு மணி வரை இருப்பேன். டொக்டரின் கடிதப்படி நிர்வாகம் இதற்குச் சம்மதித்திருக்கிறது. ஜனவரியில் உடம்பைப் பார்த்துத்தான் கூட்டுவது. ஒரு மணி ஆனதும் நான் எழுந்து போவேன். பாதியில் ஏதாவது பேசிக்கொண்டிருந்தாலும் எழுந்துவிடுவேன், கோபம் என்று நினைக்காதீர்கள். இந்தக் களைப்பு முன்னே வந்த களைப்பு மாதிரி இல்லை. பன்னிரண்டரைக்கு நன்றாகப் பேசிக்கொண்டிருப்பேன், ஒரு மணிக்கு பேனையைப் பிடிக்க முடியாது. "கொஞ்சம் இருந்துட்டுப் போங்களேன்" என்று அன்பாகச் சொல்லத் தோன்றும். சொல்லாதீர்கள். சொன்னால் நான் இருந்துவிடுவேன், அடுத்த நாள் படுத்துவிடுவேன்.

ரமேஷ் தம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தில் இதுதான் முக்கியம். நான் போகும்போது இரண்டு மாதத்துக்கு என்று சொல்லித்தான் அவர் கையில் பொறுப்பைக் கொடுத்தேன். ஒன்பது மாதம் சுமந்திருக்கிறார். மே, ஜூன் மழையில் பொகவந்தலாவை ரோட்டில் பஸ் இல்லாத நாளில்கூட தோட்டத்துக்குப் போய்ப் படிவம் நிரப்பினார் என்று கேள்விப்பட்டேன். பொறுப்பு ஜனவரி கடைசி வரை அவரிடமே இருக்கும். லீவு, வவுச்சர், எந்தத் தோட்டத்துக்கு யார் போவது, தொழில் திணைக்களத்துக்கு எந்த ஃபைல் முதலில் போவது எல்லாம் அவர் முடிவு. நான் வந்துவிட்டேன் என்பதற்காக அவரைத் தாண்டி என்னிடம் வராதீர்கள். பழக்கதோஷத்தில் வந்தால் "ரமேஷிடம் கேட்டீர்களா?" என்று திருப்பி அனுப்புவேன். தம்பி, உங்களுக்கும் ஒன்று. நான் செய்துவந்த முறையை நீங்கள் சில இடத்தில் மாற்றியிருப்பீர்கள். அதை எனக்காகப் பழையபடி ஆக்க வேண்டாம். எனக்கு விளங்கப்படுத்துங்கள், போதும்.

நான் என்ன செய்வேன்? சிக்கலான ஃபைல்களை என்னிடம் கொடுங்கள். பேர் பொருந்தாத ஃபைல்கள் ஒரு அலுமாரித் தட்டு நிறைய இருக்கும், எனக்குத் தெரியும். போன டிசம்பரில் வந்த ஒரு அம்மாவை நான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் மறக்கவில்லை. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் முத்துலெட்சுமி, அடையாள அட்டையில் முத்துலக்ஷ்மி, தோட்டத்து பீ கார்டில் வெறும் லெட்சுமி. பெண்களுக்கு ஐம்பது வயதில் எடுக்கக்கூடிய சேமலாப நிதிப் பணம். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தாறு. ஆறு வருஷமாக மூன்று பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அலைந்துகொண்டிருந்தார். கே படிவத்தோடு சத்தியக் கடதாசியும் கிராம உத்தியோகத்தர் கடிதமும் வைத்தும் திரும்பி வந்தது. அந்த ஃபைல் முடிந்துவிட்டதா என்று திங்கட்கிழமை நான் முதலில் கேட்பேன். முடியவில்லை என்றால் அதை நானே எடுத்துக்கொள்கிறேன். உட்கார்ந்து, பேரைப் பேரோடு பொருத்தி, கடிதம் எழுதும் வேலை என்னால் முடியும், விருப்பமும் அதுதான்.

செய்ய முடியாததையும் சொல்லிவிடுகிறேன். ஜனவரி கடைசி வரை தோட்டப் பயணம் கிடையாது. லயத்துக்கு ஏறும் படிக்கட்டு இப்போதைக்கு எனக்கு ஆகாது. டிசம்பர் நடமாடும் சேவைக்கு மேரியும் கணேசனும் பிரியாவும் போவது, ராஜு அண்ணா வேனோடு. நான் ஆபிஸிலிருந்து தொலைபேசியில் இருப்பேன், அதுவும் ஒரு மணி வரைதான். இடது கையால் பாரம் தூக்கக்கூடாது. அக்குளில் நிணநீர்க் கட்டிகளை எடுத்திருக்கிறார்கள், பாரம் தூக்கினால் கை வீங்கும். கையில் இறுக்கமான உறை போட்டிருப்பேன், பார்த்துப் பயப்பட வேண்டாம். ஃபைல் பெட்டியை நான் தூக்கப் போவதைக் கண்டால் பறித்துக்கொள்ளுங்கள், அதற்கு மட்டும் அனுமதி. ஒருவேளை நான் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், இடது கையில் ஊசியோ பிரஷர் பார்ப்பதோ வேண்டாம் என்று அங்கே சொல்லுங்கள். ராஜு அண்ணா, இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இது எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது. மறதி வருகிறது. மருந்து ஏற்றியவர்களுக்கு இப்படி வரும், மெதுவாகச் சரியாகும் என்கிறார்கள். தெரிந்த சொல் நுனி நாக்கில் நின்றுவிடும். போன கிழமை தங்கச்சியிடம் "அந்த... தண்ணி சூடாக்குவது" என்று கேத்தலைக் கையைக் காட்டிக் கேட்டேன். அதனால் போகிற போக்கில் வாயால் வேலை சொல்லாதீர்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதுங்கள், அல்லது மேசையில் இருக்கும் நீலக் கொப்பியில் எழுதுங்கள். நான் ஒன்றை இரண்டாம் தடவை கேட்டால் பொறுமையாகச் சொல்லுங்கள். நான் தவறாகச் சொன்னால் அந்த இடத்திலேயே திருத்துங்கள். மரியாதைக்காகப் பேசாமல் இருந்து, ஒரு தொழிலாளியின் ஃபைலில் பிழை போய்விடக்கூடாது.

சின்ன விஷயங்கள் சில. குளிசையால் திடீரென்று உடம்பு முழுக்கச் சூடு கிளம்பும். ஹட்டன் குளிரில் நான் ஜன்னலைத் திறந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஐந்து நிமிஷத்தில் மூடிவிடுவேன். யாருக்காவது தடிமன், காய்ச்சல் என்றால் அன்றைக்கு வீட்டில் இருங்கள். முடி இப்போதுதான் ஒரு விரல் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. தலையில் துண்டு கட்டியிருப்பேன், சில நாள் கட்டாமலும் வருவேன். ஒரு தடவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அப்புறம் பழகிவிடும்.

யார் யாருக்கு என்ன மருந்து பலித்தது, யார் இதே நோயில் போய்விட்டார் என்ற கதைகள் வேண்டாம். கஷாயப் பெயர்களும் வேண்டாம். அன்பினால்தான் சொல்வீர்கள், ஆனால் அவை வீட்டுக்கு என்னோடு வந்துவிடுகின்றன, ராத்திரி தூக்கம் போகிறது. மற்றதெல்லாம் கேட்கலாம். வலித்ததா என்று கேட்கலாம், பயந்தீர்களா என்றும் கேட்கலாம். பயந்தேன்.

பிரியா, நீங்கள் என்னைப் பார்ப்பது முதல் தடவை. இவர்கள் எல்லோரும் "அக்கா முன்னே இப்படி, முன்னே அப்படி" என்று பேசுவார்கள். அது உங்களுக்குச் சுமையாக வேண்டாம். செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு அரை மணி நேரம் உங்களுக்காக ஒதுக்கியிருக்கிறேன். நீங்கள் செய்த ஒரு ஃபைலைக் கொண்டுவாருங்கள், எனக்குக் காட்டுங்கள்.

நீங்கள் செய்ததெல்லாம் எனக்குத் தெரியும். மார்ச்சில் மேரியும் சசியும் கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாக இரண்டு பஸ் மாறி, ஹோர்லிக்ஸ் போத்தலும் இடியப்பமும் கட்டிக்கொண்டு வாட்டுக்கு வந்தீர்கள். பார்க்கும் நேரம் முடிந்துவிட்டது, கேட் வாசலில் நின்று கையசைத்துவிட்டுப் போனீர்கள். மேல்மாடி ஜன்னலிலிருந்து உங்கள் இருவரையும் பார்த்தேன். அதற்குப் பிறகு வந்த மருந்து நாட்கள் எல்லாவற்றிலும் அதை நினைத்துக்கொண்டேன். கணேசன் வெள்ளிக்கிழமை தோறும் ஒரு குரல் செய்தி அனுப்பினார், பதில் போடாவிட்டாலும் அனுப்பினார். நிறையத் தடவை பதில் போடவில்லை. கேட்காமல் விட்டது ஒன்றுகூட இல்லை.

திங்கட்கிழமை பூமாலை, பொன்னாடை, கேக் எதுவும் வேண்டாம். வழக்கம்போல ஒன்பதரைக்கு இஞ்சி போட்ட பிளேன்டி போடுங்கள், எனக்குச் சீனி அரைக் கரண்டி. அரை மணி நேரம் எல்லோரும் உட்கார்ந்து பேசுவோம், அப்புறம் ரமேஷ் அன்றைய வேலையைச் சொல்லட்டும்.

அலுமாரிச் சாவியை எனக்காகத் தேடி எடுத்து வைக்க வேண்டாம் தம்பி. அது உங்களிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
விஜி அக்கா