ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்த பம்ப் நிறுவனம்: நேர்வு ஆய்வும் பரிந்துரையும்

விற்பனையில் 60 விழுக்காட்டை வாங்கும் ஒரே வாடிக்கையாளர், 8 விழுக்காடு விலைக் குறைப்பைக் கேட்டு, பதிலுக்கு 25 விழுக்காடு கூடுதல் கொள்முதலை உறுதியளிக்கிறார். ஒரு தொழிலின் போட்டிச் சூழலை அளக்க மைக்கேல் போர்ட்டர் 1979-இல் முன்வைத்த ஐந்து விசைகள் சட்டகத்தில் பார்த்தால், இங்கே முடிவைத் தீர்மானிப்பது வாங்குபவரின் பேரம்பேசும் வலிமையே. மற்ற நான்கும் தற்போதைக்கு அடங்கியே இருக்கின்றன.

விற்பனை விலையை 100 எனக் கொண்டால், மாறும் செலவு 82, பங்களிப்பு 18. கேட்ட தள்ளுபடியைக் கொடுத்தால் பங்களிப்பு 10 ஆகச் சுருங்கும். கூடுதல் அளவையும் சேர்த்தாலும், முன்பு 18 கிடைத்த இடத்தில் 12.5 தான் தேறும். நேர்வில் உள்ள மேலாளரின் குறிப்பு இந்தக் கோரிக்கையை ‘வளர்ச்சி வாய்ப்பு’ என்று வர்ணிப்பது வியப்பளிக்கிறது. மறுத்துவிடுவதும் எளிதல்ல, 60 விழுக்காட்டு விற்பனை போனால் நிலைச் செலவுகளைத் தாங்க வழியில்லை.

எனவே, இரண்டாண்டு ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் கொள்முதல் அளவு எழுதித் தரப்பட்டால் மட்டும் 3 விழுக்காடு தள்ளுபடி வழங்கலாம் எனப் பரிந்துரைக்கிறேன். அப்போது பங்களிப்பு 15. 25 விழுக்காடு கூடுதல் அளவில் அது 18.75 ஆகிறது. ஆலை இப்போது 80 விழுக்காடு திறனில் மட்டுமே இயங்குவதால் இந்தக் கூடுதல் அளவுக்குப் புதிய இயந்திரம் தேவைப்படாது. இவருக்குத் தரும் கடன் தவணையை 90 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கவும் இதே பேச்சுவார்த்தையில் கோர வேண்டும். ஒப்பந்தக் காலத்திற்குள் பிற வாடிக்கையாளர்களைச் சேர்த்து, இவரது பங்கை 45 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவது விற்பனைப் பிரிவின் பொறுப்பு.