மினியோட புது டெடி கட் ✂️🐶 பேக்கேஜ் விலையும் இந்த வாரம் காலியா இருக்கிற நேரமும்

படத்துல இருக்கிறது மினி, 3 வயசு ஷீ ட்ஸு. முகத்தைக் கத்தரிக்கோலால உருண்டையா வெட்டி, உடம்புல கிளிப்பர் மெஷினுக்கு 13 மி.மீ. கார்டு போட்டு ஒரே அளவா எடுத்திருக்கோம். கண்ணுக்குள்ள குத்திக்கிட்டிருந்த முடியும் போயிடுச்சு, இப்போ எதிர்ல வர்றவங்களை நல்லாப் பார்க்கிறா.

படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தா முன்னங்கால் அக்குள்ல மட்டும் முடி ஒட்ட வெட்டியிருக்கிறது தெரியும். அங்கே சிக்கு தோலோட இறுகிப்போயிருந்தது. சீவாம குளிப்பாட்டினா இப்படித்தான் ஆகும். நனைஞ்ச சிக்கு காயும்போது இன்னும் இறுகும், அடியில ஈரம் தங்கி தோல் சிவந்து நாற்றம் அடிக்கும். அந்த மாதிரிச் சிக்கை இழுத்துப் பிரிச்சா நாய்க்கு வலிதான் மிச்சம். அதனால 10-ஆம் நம்பர் பிளேடால எடுத்துட்டோம். காதுக்குப் பின்னாடி இருந்த சின்னச் சிக்கை ஸ்பிரே அடிச்சு, விரலால பிரிச்சுச் சீவியே காப்பாத்தியாச்சு.

வீட்டுல சீவும்போது மேல் முடியை மட்டும் தடவி விடாதீங்க. முடியைப் பகுதி பகுதியா ஒதுக்கி, வேர்ல இருந்து நுனி வரைக்கும் மெல்லிய கம்பிப் பல் வச்ச ஸ்லிக்கர் பிரஷ், அதுக்கப்புறம் இரும்புச் சீப்பு. சீப்பு தடங்காம ஓடினாத்தான் குளிப்பாட்டணும். காதுக்குப் பின்னாடி, அக்குள், காலர் உரசுற இடம், வால் அடி, இந்த நாலையும் விட்டுடாதீங்க.

💰 விலை (10 கிலோ வரை / 10–25 கிலோ / 25 கிலோவுக்கு மேல)

🛁 குளியல் பேக்கேஜ்: ₹700 / ₹1,000 / ₹1,400
சீவுறது, நாய்க்கான ஷாம்பு ரெண்டு தடவை, கண்டிஷனர், ப்ளோயர்ல அடிமுடி வரைக்கும் காய வைக்கிறது, நகம், காது சுத்தம்.

✂️ முழு க்ரூமிங்: ₹1,500 / ₹2,000 / ₹2,800
மேல சொன்ன எல்லாமும், கூடவே ஹேர்கட், பாத முடி, அடிவயிறு, பின்பக்கச் சுத்தம். மினிக்குச் செஞ்சது இதுதான்.

🌬️ முடி உதிர்வு பேக்கேஜ்: 10–25 கிலோ ₹1,800, அதுக்கு மேல ₹2,300
லாப், கோல்டன், ஹஸ்கி, ஜெர்மன் ஷெப்பர்டுக்கு. வெயில் காலம்னு இவங்களை மொட்டை அடிக்கச் சொல்லி நிறைய பேர் கேக்குறாங்க. நாங்க செய்ய மாட்டோம். ரெண்டு அடுக்கு முடி வெயில் நேரா தோல்ல படாம காக்குது, மழிச்சா சில நாய்களுக்குத் திட்டுத் திட்டாத்தான் திரும்ப வளரும். உதிர வேண்டிய அடிமுடியை எடுத்துட்டாலே காத்து தோல் வரைக்கும் போகும்.

நகம் மட்டும் ₹250. கறுப்பு நகத்துல உள்ள ஓடுற ரத்தக்குழாய் வெளியே தெரியாது, அதனால கொஞ்சம் கொஞ்சமா நறுக்குவோம். ரொம்ப நீண்ட நகத்தை ஒரே நாள்ல குட்டையாக்க முடியாது.

சிக்கு அதிகமா இருந்தா 15 நிமிஷத்துக்கு ₹150 கூடுதல். உங்ககிட்ட காட்டி, சரின்னு சொன்ன பிறகுதான் கை வைப்போம்.

📅 இந்த வாரம் காலி
வியாழன்: காலை 10:00, மதியம் 3:30
வெள்ளி: மதியம் 12:30
சனி: காலை 8:30 மட்டும் (குளியல், 10 கிலோ வரை)
ஞாயிறு: காலை 9:00, மாலை 4:00 (4:00-க்கு முழு க்ரூமிங் கிடையாது)
திங்கள் விடுமுறை.

ஒரு நேரத்துல ஒரு நாய்தான். முழு க்ரூமிங்குக்கு ரெண்டுல இருந்து மூணு மணி நேரம் ஆகும். பக், புல்டாக் வச்சிருக்கிறவங்க காலை நேரத்தையே எடுங்க. மூக்கு சப்பையான நாய்களுக்குச் சூடு தாங்காது, நடுநடுவுல நிறுத்தி மூச்சு வாங்க விட்டுத்தான் காய வைப்போம்.

⚠️ வர்றதுக்கு முன்னாடி
• ரேபிஸ் உட்பட தடுப்பூசி அட்டை கட்டாயம். குட்டிகளுக்கு ஊசி வரிசை முடியட்டும்.
• கடைசிச் சாப்பாடு 2 மணி நேரம் முன்னாடி, ஒரு நடை கூட்டிப்போய் வெளிக்கு விட்டுட்டு வாங்க.
• உண்ணிக்குக் கழுத்துல மருந்து விட்டிருந்தா சொல்லுங்க. குளிப்பாட்ட எத்தனை நாள் விடணும்னு மருந்து அட்டையைப் பார்த்துத்தான் நேரம் தருவோம்.
• காதுல நாற்றம், புண், தோல்ல வட்டமா முடி கொட்டுறது இருந்தா முதல்ல கால்நடை மருத்துவர்.
• மயக்க மருந்து கொடுத்து க்ரூமிங் பண்றதில்ல. கடிக்கிற பழக்கம் இருந்தா மறைக்காம சொல்லுங்க, அதுக்குத் தகுந்த மாதிரி நேரம் ஒதுக்குவோம்.

📩 புக் பண்ண மெசேஜ்ல இனம், வயசு, எடை, கடைசியா எப்போ முடி வெட்டினீங்க, இப்போதைய ஒரு போட்டோ (காதைத் தூக்கிப் பிடிச்சு ஒண்ணு கூடவே) அனுப்புங்க. முன்பணம் ₹300, பில்லுல கழிச்சுக்குவோம். 24 மணி நேரம் முன்னாடி சொன்னா முழுசாத் திருப்பித் தந்துடுவோம்.

#ஷீட்ஸு #டெடிகட் #நாய்க்ரூமிங் #செல்லப்பிராணி