சேவியர் – ஸ்டெல்லா திருமணப் பூசை: முறையும் ஜெபங்களும்

மூக்கையூர் புனித சந்தியாகப்பர் கோவில்
2026 மே 20, புதன்கிழமை, காலை 10 மணி

பாம்பனிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாருக்கும், நம்ம ஊர்க்காரர்களுக்கும், சாயல்குடியிலிருந்து வந்திருக்கும் இந்து, முஸ்லிம் சிநேகிதர்களுக்கும் பெண்ணின் பெரியப்பா நான் வணக்கம் சொல்கிறேன். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிறது, அதனால்தான் இத்தனை ஆம்பளைகளையும் ஒரே நாளில் கோவிலில் பார்க்க முடிகிறது. இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பூசையோடு கூடவே வாருங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாலி கட்டும்போது எல்லோரும் எக்கிப் பார்க்கிறோம், ஆனால் அதற்கு முன்னால் இரண்டு பேரும் வாய் திறந்து கொடுக்கும் வார்த்தை பேச்சுச் சத்தத்தில் யார் காதிலும் விழுவதில்லை. திருச்சபைக்கு அந்த வார்த்தைதான் கல்யாணம். மோதிரமும் தாலியும் அதற்கு அடையாளம். அந்த இரண்டு நிமிடம் அமைதியாக இருங்கள், பிள்ளைகளையும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

வருகை

கோவில் வாசலில் பங்குச்சாமி இருவருக்கும் தீர்த்தம் தெளித்து உள்ளே அழைத்து வருவார். முன்னால் பீடச்சிறுவர்கள், பின்னால் தோழனும் தோழியும், அப்புறம் இரண்டு வீட்டுப் பெற்றோரும். எல்லோரும் எழுந்து நின்று வருகைப் பாடலைப் பாடுவோம்.

வாசகங்கள்

இது பாஸ்கா காலம், பீடத்துக்குப் பக்கத்தில் பாஸ்கா திரி எரியும். ஆகவே முதல் வாசகம் திருவெளிப்பாடு 19-ஆம் அதிகாரத்திலிருந்து, ஆட்டுக்குட்டியின் திருமண விருந்தைப் பற்றியது. வாசிப்பவர் மாப்பிள்ளையின் சித்தி. பதிலுரைப் பாடல், திருப்பாடல் 128. அல்லேலூயாவுக்குப் பிறகு நற்செய்தி, யோவான் 2:1-11, கானாவூர்க் கல்யாணம். இரசம் தீர்ந்துபோனதை முதலில் கவனித்தது மாதாதான், அதுவும் வீட்டுக்காரர்கள் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்னாலேயே. இது மாதா வணக்க மாதம் என்பதால் இந்தப் பகுதியை ஸ்டெல்லாவே கேட்டு வைத்துக்கொண்டாள்.

கேள்விகள்

மறையுரை முடிந்ததும் மாப்பிள்ளை, பெண், இரண்டு சாட்சிகள் எல்லோரும் பீடத்துக்கு முன்னால் வந்து நிற்பார்கள். இரண்டு பங்கிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசித்து, எந்தத் தடையும் வரவில்லை.

சாமி: சேவியர், ஸ்டெல்லா, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், முழு மனச் சுதந்திரத்தோடு இந்தத் திருமணத்துக்கு வந்திருக்கிறீர்களா?
இருவரும்: ஆம், வந்திருக்கிறோம்.
சாமி: வாழ்நாள் முழுவதும் ஒருவரையொருவர் நேசிக்கவும் மதிக்கவும் தயாராக இருக்கிறீர்களா?
இருவரும்: ஆம், தயாராக இருக்கிறோம்.
சாமி: கடவுள் தரும் பிள்ளைகளை அன்போடு ஏற்று, விசுவாசத்தில் வளர்ப்பீர்களா?
இருவரும்: ஆம், வளர்ப்போம்.

சம்மதம்

வலது கையை வலது கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மைக்கில் தெளிவாக, அவசரப்படாமல்.

சேவியர்: சேவியராகிய நான், ஸ்டெல்லாவாகிய உன்னை என் மனைவியாக ஏற்றுக்கொள்கிறேன். இன்பத்திலும் துன்பத்திலும், சுகத்திலும் நோயிலும் உனக்குப் பிரமாணிக்கமாக இருந்து, என் உயிர் உள்ளவரை உன்னை நேசித்து மதிப்பேன் என்று வாக்களிக்கிறேன்.

ஸ்டெல்லா: ஸ்டெல்லாவாகிய நான், சேவியராகிய உம்மை என் கணவராக ஏற்றுக்கொள்கிறேன். இன்பத்திலும் துன்பத்திலும், சுகத்திலும் நோயிலும் உமக்குப் பிரமாணிக்கமாக இருந்து, என் உயிர் உள்ளவரை உம்மை நேசித்து மதிப்பேன் என்று வாக்களிக்கிறேன்.

சாமி: திருச்சபையின் முன் நீங்கள் தந்த சம்மதத்தை ஆண்டவர் உறுதிப்படுத்துவாராக. கடவுள் இணைத்ததை மனிதர் பிரிக்காதிருக்கட்டும்.
எல்லோரும்: ஆமென்.

மோதிரம் மாற்றுதல்

தோழன் தட்டில் வைத்து மோதிரங்களைக் கொண்டுவர, சாமி தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். சேவியர் முதலில் அணிவிப்பார், பிறகு ஸ்டெல்லா.

சேவியர்: ஸ்டெல்லா, என் அன்புக்கும் பிரமாணிக்கத்துக்கும் அடையாளமாக இந்த மோதிரத்தை அணிந்துகொள். தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே.
ஸ்டெல்லா: சேவியர், என் அன்புக்கும் பிரமாணிக்கத்துக்கும் அடையாளமாக இந்த மோதிரத்தை அணிந்துகொள்ளும். தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே.

தாலி கட்டுதல்

மஞ்சள் கயிற்றில் கோத்த தாலி இது, அதில் தூய ஆவியாரின் புறா இருக்கிறது. வருகிற ஞாயிறு, மே 24, தூய ஆவியார் பெருவிழா. தேதி பார்த்தபோது இதை யாரும் யோசிக்கவில்லை, பிறகு கவனித்தபோது எனக்கு மனது நிறைந்துவிட்டது.

சாமி: இறைவா, இந்தத் தாலியை ஆசீர்வதியும். இதை அணியும் உம் மகளும் அணிவிக்கும் உம் மகனும் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து, உம் ஆவியார் தங்கும் இல்லமாக வாழ்வார்களாக. எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக.
எல்லோரும்: ஆமென்.

சேவியர் முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் அவருடைய அக்கா போடுவார். அதுவரை யாரும் பீடத்தின் படியேற வேண்டாம், போட்டோக்காரர் மட்டும் பக்கவாட்டில் நின்றுகொள்வார். மணி அடித்ததும் கைதட்டலாம், குலவை போடலாம். பிறகு மாலை மாற்றுவார்கள்.

மன்றாட்டுகள்

பதில்: ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.

இந்தப் புதுக் குடும்பம் சண்டை வந்தாலும் பொழுது சாயுமுன் சமாதானமாகும் வரத்தைத் தர வேண்டுமென்று மன்றாடுகிறோம்.
கடலுக்குப் போய் கரை திரும்பாத நம் ஆட்களுக்காகவும், இன்று மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் சேவியரின் தாத்தாவுக்காகவும் மன்றாடுகிறோம்.
இலங்கைச் சிறையில் வாடும் மீனவர்கள் சீக்கிரம் வீடு வந்து சேரவும், அவர்களுக்காகக் காத்திருக்கும் மனைவிமார் மனம் தளராதிருக்கவும் மன்றாடுகிறோம்.

காணிக்கையும் திருமண ஆசீரும்

அப்பத்தையும் இரசத்தையும் மணமக்களே கொண்டுவருவார்கள். பரலோக மந்திரம் சொல்லி முடித்ததும் இருவரும் முழந்தாளிட, சாமி இரண்டு கைகளையும் அவர்கள்மேல் நீட்டி ஜெபிப்பார். எல்லோரும் தலை குனிந்திருப்போம்.

சாமி: மனிதன் தனிமையாக இருப்பது நல்லதல்ல என்று கண்டு துணை தந்த இறைவா, உம் முன் முழந்தாளிட்டிருக்கும் இவர்களைக் கண்ணோக்கியருளும். ஸ்டெல்லாவிடம் அன்பும் அமைதியும் நிலைக்கட்டும். சேவியர் அவளைத் தனக்குச் சமமானவளாக, உம் வாழ்வுக்குத் தன்னோடு பங்காளியாக மதித்து, கிறிஸ்து திருச்சபையை நேசித்ததுபோல் நேசிக்கட்டும். கடலில் காற்றுத் திரும்பும் நாளிலும், வலை வெறுமையாக வரும் நாளிலும் இவர்கள் உம்மை விட்டு விலகாதிருப்பார்களாக. பிள்ளைகளின் பிள்ளைகளைக் காணும் பாக்கியத்தை இவர்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக.
எல்லோரும்: ஆமென்.

நற்கருணை வாங்கும் நேரத்தில் மற்ற மதத்தவர்கள் இருந்த இடத்திலேயே அமர்ந்து உங்கள் வழக்கப்படி இவர்களுக்காக ஜெபித்தால் எங்களுக்குச் சந்தோஷம்.

கையெழுத்தும் இறுதி ஆசீரும்

பதிவேட்டில் மணமக்கள், சாட்சிகள் இருவர், சாமி ஆகியோர் கையெழுத்திடுவார்கள். பீடத்தின்மேல் வைத்து எழுதுவது வழக்கமில்லை, பக்கத்தில் தனி மேசை போட்டிருக்கிறோம். அந்த நேரம் பாடகர் குழு மாதா பாட்டு பாடும், மணமக்கள் கெபிக்குப் போய் மலர் வைத்துத் திரும்புவார்கள்.

சாமி: தந்தையாகிய கடவுள் உங்களை ஒருமனதில் காப்பாராக.
எல்லோரும்: ஆமென்.
சாமி: மகனாகிய கிறிஸ்து இன்பத்திலும் துன்பத்திலும் உங்களோடு இருப்பாராக.
எல்லோரும்: ஆமென்.
சாமி: தூய ஆவியார் தம் அன்பை உங்கள் உள்ளத்தில் பொழிவாராக.
எல்லோரும்: ஆமென்.
சாமி: இங்கே கூடியிருக்கும் உங்கள் அனைவரையும் எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் ஆசீர்வதிப்பாராக.
எல்லோரும்: ஆமென்.

பூசை முடிந்ததும் முதலில் பெரியவர்கள் வந்து நெற்றியில் சிலுவை போட்டு வாழ்த்துங்கள், ஸ்டெல்லாவின் பாட்டியால் ரொம்ப நேரம் நிற்க முடியாது. சாப்பாடு கோவிலுக்குப் பின்னால் பந்தலில்.