கவிதாவுக்கு, லீவு பற்றி

திங்கட்கிழமை சேர்ந்ததிலிருந்து லீவு பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். வேலை மும்முரத்தில் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதியே தருகிறேன்.

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947-இன்படி நம் கடையில் மூன்று வகை லீவு, ஒவ்வொன்றும் வருடத்துக்குப் பன்னிரண்டு நாள். மூன்றுக்கும் சம்பளம் உண்டு.

கேஷுவல் லீவு திடீர் வேலைகளுக்கு. கேஸ் சிலிண்டர் வருகிறது, பிள்ளையின் பள்ளியில் கூப்பிட்டார்கள், இந்த மாதிரி. முதல் நாளே சொன்னால் நல்லது. முடியாவிட்டால் காலை ஒன்பது மணிக்குள் எனக்கு போன் செய்யுங்கள். பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் சொல்லி அனுப்பினால் கணக்கில் வராது. போன மாதம் அப்படித்தான் ஒருவருக்கு ஒரு நாள் சம்பளம் போனது.

சிக் லீவு உடம்பு சரியில்லாதபோது மட்டும். இரண்டு நாளைத் தாண்டினால் டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். மாத்திரைச் சீட்டு போதாது. இவை இரண்டும் அடுத்த வருடத்துக்குச் சேராது.

ஈட்டிய விடுப்புதான் கொஞ்சம் வேறு. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை பார்த்த பிறகே கிடைக்கும். எடுக்காவிட்டால் சேரும், ஆனால் இருபத்துநான்கு நாள் வரைதான். பதினைந்து நாள் முன்பே எழுதிக் கொடுங்கள். தீபாவளி சமயத்தில் எல்லோருக்கும் ஊருக்குப் போகணும். முதலில் கேட்பவருக்குத்தான் முதலில்.

விண்ணப்பப் படிவம் என் மேஜையின் இடது டிராயரில், பச்சை ஃபைலில் இருக்கிறது.

மேலாளர், கணக்குப் பிரிவு