2026 நாட்காட்டி புரூஃபில் திருத்தங்கள்

சுங்கை சிப்புட்,
பேராக்.
24 நவம்பர் 2025

அச்சக அண்ணனுக்கு வணக்கம்.

சனிக்கிழமை பையனிடம் கொடுத்தனுப்பிய புரூஃப் வந்து சேர்ந்தது. தாளும் லட்சுமி படமும் நன்றாக இருக்கின்றன. எழுத்துதான் சரியில்லை. 500 பிரதியும் இப்படியே போனால் கடையைத் திறந்து உட்கார முடியாது.

முதலில் தேதிகள். தைப்பூசத்தை பிப்ரவரி 11 என்றும், தீபாவளியை அக்டோபர் 20 என்றும் போட்டிருக்கிறீர்கள். இரண்டும் 2025-இன் தேதிகள். போன வருஷ ஃபைலைத் திறந்து, மேலே வருஷத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் போலிருக்கிறது. 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1, தீபாவளி நவம்பர் 8. இரண்டுமே ஞாயிற்றுக்கிழமை. இந்த இரண்டை மாற்றியதோடு விடாமல், மற்ற விடுமுறைகளையும் அரசாங்கப் பட்டியலை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். சீனப் புத்தாண்டும் நோன்புப் பெருநாளும்கூட வருஷா வருஷம் நகர்கிறவைதான்.

அடுத்தது ராகு காலம். திங்களும் சனியும் இடம் மாறிக் கிடக்கின்றன. திங்களுக்கு 7.30–9.00, சனிக்கு 9.00–10.30 என்று வர வேண்டும். தோட்டத்துப் பாட்டிமார் படம் பார்க்கவா நாட்காட்டி வாங்கிப் போகிறார்கள்? இதைப் பார்த்துத்தான் வீட்டை விட்டே கிளம்புவார்கள். இது தப்பாகப் போனால் சம்பள நாளில் கடைக்கு வந்து எல்லார் முன்னாலும் கேட்பார்கள். எனக்கு அந்தப் பயம்தான் பெரிது.

கடைப் பெயருக்குக் கீழே 'மாளிகைச் சாமான்கள்' என்று இருக்கிறது. நம்முடையது பலகைக் கடை அண்ணே, மாளிகைக்கு எங்கே போவது? 'மளிகை' என்று ஆக்குங்கள். 'பொன்னி அரிசி'யில் ஒற்றைக்கொம்பு 'ப'வுக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நிற்கிறது. கைப்பேசியில் நான் அனுப்பியது சரியாகத்தான் இருந்தது. உங்கள் மென்பொருளில் ஒட்டும்போது எழுத்துரு குழம்பியிருக்கலாம். ஒரு இடத்தில் ஆனது மற்ற இடத்திலும் ஆகியிருக்கும், ஆகவே கொம்பு வரும் எல்லா எழுத்தையும் பாருங்கள். தொலைபேசி எண் 27 என்று முடிய வேண்டும், 72 அல்ல. நம் பழைய பில் புத்தகத்தில் இருப்பதே சரி.

ஒரு தப்பு என்னுடையது. கடை மூடும் நேரத்தை இரவு 9 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன், 8.30 என்று மாற்ற வேண்டும். அதற்கு ஏதாவது கூலி ஆனால் தருகிறேன். மற்றவை உங்கள் பக்கத்துப் பிழைகள் என்பதால், பேசிய விலையிலேயே முடித்துத் தருவீர்கள் என்று நம்புகிறேன். முன்பணம் 300 ரிங்கிட் கொடுத்த ரசீது என்னிடம் இருக்கிறது.

திருத்திய புரூஃபை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். சின்னத் திரையில் என் கண்ணுக்குப் பிடிபடாது. தாளில் எடுத்து வியாழக்கிழமைக்குள் பஸ்ஸில் அனுப்புங்கள். நான் கையெழுத்துப் போட்டுத் திருப்பிய பிறகே அச்சில் ஏற்றுங்கள். டிசம்பர் 20-க்குள் கட்டு கைக்கு வந்தால் போதும்.

இத்துடன் சிவப்புப் பேனாவில் குறித்த பழைய புரூஃபையும் வைத்திருக்கிறேன். அதில் அக்டோபர் மாதத்தின் மேலிருக்கும் காப்பிக் கறை திருத்தம் அல்ல.

அன்புடன்,
பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள மளிகைக் கடைத் தம்பி