நமது நெறிமுறை விதிகள்

பட்டர்வொர்த்தில் ஏர்கான் பொருத்தியும் பழுது பார்த்தும் பிழைக்கும் நம் பத்துப் பேருக்கும் இந்த விதிகள் பொருந்தும். முதலாளி என்பதால் எனக்குச் சலுகை கிடையாது. அவசரத்துக்கு நாம் கூப்பிடும் சப்கான் ஆட்களும், வேலையைத் தொடங்கும் முன் இதைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் இவை நடப்புக்கு வருகின்றன.

அன்பளிப்பு

வேலைக்குப் போன வீட்டில் தேநீர், பலகாரம், தீபாவளிக்கு ஒரு டின் முறுக்கு கொடுத்தால் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். 50 ரிங்கிட்டுக்கு மேல் மதிப்புள்ள பொருள் வந்தால் என்னிடம் சொல்லிவிட்டு, கணக்கு மேசையில் உள்ள அன்பளிப்பு நோட்டில் எழுதுங்கள். ஹேம்பர் வந்தால் அலுவலகத்தில் எல்லாரும் பகிர்ந்துகொள்வோம்.

பணம் வேறு விஷயம். பத்து ரிங்கிட்டைக் கையில் திணிக்கும் பாட்டியிடம், "வேண்டாம் பாட்டி, சம்பளம் வருது" என்று ஒருமுறை சொல்லுங்கள். அப்புறமும் விடவில்லை என்றால் வாங்கி வந்து பொது உண்டியலில் போடுங்கள். தீபாவளி, சீனப் பெருநாள் அங்பாவுக்கும் இதே விதிதான். ஆனால் நம்மிடம் கொட்டேஷன் கேட்டிருக்கும் நிர்வாக அலுவலகமோ, நமக்குச் சாமான் விற்கும் கடையோ பணமாகக் கொடுத்தால் எவ்வளவு சிறிய தொகையானாலும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர்கள் வைக்கும் மொய்யை வாங்கலாம். அதையும் நோட்டில் எழுதிவிடுங்கள்.

நாம் கொடுக்கும் பக்கம்தான் எனக்கு அதிகக் கவலை. கோண்டோ சர்வீஸ் ஒப்பந்தம் கிடைக்க 'டுயிட் கோப்பி' கேட்பார்கள். யாரும் கொடுக்கக்கூடாது. சொந்தக் காசிலும் கூடாது. ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17A பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. வேலை பிடிப்பதற்காக நம் ஆள் ஒருவர் லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளியாகும். சப்கான் கொடுத்தாலும் சிக்கல் நம் வாசலுக்கு வரலாம். அபராதம் குறைந்தது லஞ்சத் தொகையைப் போல் பத்து மடங்கு அல்லது பத்து லட்சம் ரிங்கிட், எது அதிகமோ அது. நம்மைப் போன்ற கடை அதைக் கட்டிவிட்டுத் திறந்திருக்க முடியாது. லஞ்சம் கேட்டாலும், கொடுக்க முன்வந்தாலும், ஆணையத்திடமோ போலீசிடமோ தெரிவிப்பது சட்டப்படி உங்கள் கடமை. அன்றே எனக்குச் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன். லஞ்சம் கொடுக்காததால் வேலை கைவிட்டுப் போனால் அந்த நஷ்டம் என்னுடையது. உங்கள் சம்பளத்தையும் போனஸையும் அது தொடாது.

நேர்மை

ஏர்கானில் கேஸ் தானாகக் குறையாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. மீட்டர் வைத்துப் பார்க்காமல் "கேஸ் கம்மி" என்று சொல்லிப் பணம் வாங்குவது திருட்டு, நம் தொழிலில் அது சகஜமாகிப் போனாலும் சரி. அளவைக் காட்டும் மீட்டரைப் படம் எடுத்து வாடிக்கையாளரிடம் காட்டுங்கள். கசிவு இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். அதை அடைக்காமல் கேஸ் மட்டும் ஏற்றச் சொன்னால், "திரும்பவும் குறையும்" என்று பில்லிலேயே எழுதுங்கள். ஃபில்டர் கழுவினால் போதும் என்றால் கழுவிய கூலி மட்டும்தான்.

கழற்றிய செம்புக் குழாயும் பழைய கம்ப்ரெசரும் வாடிக்கையாளருடையவை. வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கடைக்குக் கொண்டுவாருங்கள், விற்ற காசு பொதுக் கணக்கில் சேரும்.

பெட்ரோல், டோல், ஓவர்டைம் கிளேமில் நடந்ததை மட்டும் எழுதுங்கள். வேலையில் தவறு செய்து அன்றே சொன்னவருக்குச் சம்பளம் பிடிக்க மாட்டேன். மறைத்தால் எச்சரிக்கைக் கடிதம் வரும்.

புகார்

என்னிடமோ கணக்கு பார்க்கும் அக்காவிடமோ வாயால் சொன்னாலே போதும், தமிழோ மலாயோ எதுவானாலும் சரி. புகார் என்னைப் பற்றியது என்றால் வெளியே இருக்கும் நம் கம்பெனி செகரட்டரியிடம் நேராகச் சொல்லுங்கள். அவர் இதற்குச் சம்மதித்திருக்கிறார். அவருடைய எண் சுவரில் ஒட்டியிருக்கிறது. 14 நாளுக்குள் பதில் வரும். புகாருக்கு ஆளானவரின் பேச்சையும் கேட்காமல் முடிவெடுக்க மாட்டோம்.

பாலியல் தொல்லை பற்றிய புகாரை அக்கா முதலில் கேட்பார். தொழிலாளர் இலாகாவுக்கும் நேராகப் போகலாம், எங்கள் அனுமதி தேவையில்லை. இதைப் பற்றிய அறிவிப்பைச் சட்டம் கேட்கிறபடி பஞ்ச் கார்டுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம்.

2010-ஆம் ஆண்டின் தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம், அமலாக்கத் துறையிடம் சொன்னவரைக் காக்கிறது. கடைக்குள் சொன்னவரைக் காக்க இந்த விதிதான் இருக்கிறது. அதனால் தெளிவாகச் சொல்கிறேன்: நல்லெண்ணத்தோடு புகார் செய்தவரின் வேலை நேரத்தை மாற்றுவது, தூரத்து வேலைக்கு அனுப்புவது, முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது எல்லாம் பழிவாங்கல். செய்தவர் நானானாலும் அதுவே தனிப் புகாராகும். விசாரித்ததில் புகார் நிரூபணம் ஆகாவிட்டாலும் சொன்னவர் மேல் நடவடிக்கை இல்லை. பொய் என்று தெரிந்தே சொன்னால் மட்டும் உண்டு.

கையெழுத்திட்ட ஒரு பிரதி உங்களிடமும் ஒன்று கோப்பிலும் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் தீபாவளி விடுமுறைக்கு முன் எல்லாரும் உட்கார்ந்து படிப்போம். மாற்ற வேண்டியதை அப்போது மாற்றுவோம்.