நேற்றைய நேர்காணலுக்கு நன்றி (ஏற்றுமதி ஆவணப் பிரிவு)

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். நேற்று காலை மணலி அலுவலகத்தில் என்னோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசியதற்கு நன்றி. முடிந்ததும், "வந்ததுதான் வந்தீங்க, யார்டையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்க" என்று சூப்பர்வைசர் சாரோடு அனுப்பி வைத்தீர்களே, அதற்குத் தனி நன்றி. மூன்று வருடமாக நான் டைப் அடிக்கும் சீல் நம்பர்கள் கன்டெய்னர் கதவில் தொங்குவதை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது நேற்றுதான்.

நீங்கள் கேட்ட ஒரு கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. சாயங்காலம் ஆறு மணி, டிரெய்லர் ஜீரோ கேட்டில் நிற்கிறது, கதவில் இருக்கும் சீல் நம்பரும் ஃபார்ம் 13-இல் இருக்கும் நம்பரும் ஒத்துப்போகவில்லை, என்ன செய்வீர்கள் என்றீர்கள். டிரைவரிடம் சீலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, கைத்தவறா, சீலே மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன், சீல் மாறியிருந்தால் சுங்கத்துறைக்குச் சொல்லாமல் உள்ளே அனுப்ப மாட்டேன் என்றேன்.

அதில் ஒன்று விட்டுப்போச்சு. போட்டோவுக்கு முன்னாடியே வண்டியை வரிசையிலிருந்து ஓரம் கட்டச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு திருவொற்றியூரில், எண்ணூர் விரைவு சாலையிலிருந்து ஒரு தெரு உள்ளே. ஒரு டிரெய்லர் நின்றால் பின்னால் எத்தனை டிரைவர் அண்ணன்களுக்கு ராத்திரி சாப்பாடு போகும் என்று சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். நேற்று பதற்றத்தில் அது வாயில் வரவில்லை.

பில் ஆஃப் என்ட்ரி பக்கம் பழக்கம் குறைவு என்று சொன்னேன், அதில் மாற்றமில்லை. பாரிமுனை சி.எச்.ஏ. அலுவலகத்தில் நான் பார்ப்பது ஷிப்பிங் பில், வி.ஜி.எம்., கட்-ஆஃப் நேரத்தோடு ஓட்டம், இவ்வளவுதான். உங்களுக்கு இப்போது ஆள் வேண்டியதும் அந்த மேசைக்குத்தான் என்றதும் கொஞ்சம் மூச்சு வந்தது. இறக்குமதி வேலையைப் பக்கத்து மேசையில் பார்த்துக் கற்றுக்கொள்ள ஆசைதான்.

இரவு ஷிஃப்ட் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். வீட்டில் பேசிவிட்டேன், பிரச்சினை இல்லை. கம்பெனி வண்டி வாசல் வரை வரணும் என்பது மட்டும்தான் அம்மாவின் நிபந்தனை. வரும் என்று நீங்கள் சொன்னதைச் சொன்னேன், சமாதானம் ஆகிவிட்டார்.

இப்போதைய அலுவலகத்தில் ஒரு மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வேறு சான்றிதழ் எதுவும் தேவைப்பட்டால் சொல்லுங்கள், அன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். சூப்பர்வைசர் சாருக்கும் என் நன்றியைச் சொல்லிவிடுங்கள். ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்த அவசரத்தில் அவரிடம் சொல்லாமலே வந்துவிட்டேன்.

அன்புடன்,
செல்வி
திருவொற்றியூர்